மாமாங்கத்துப் படகு, இரண்டாம் தடவை

நேற்று மாலை ஐந்தே காலுக்குப் படகு ஓடியது. டீச்சர் வீட்டு முற்றத்துத் தொட்டியில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, டப டப டப என்று சத்தம் போட்டுக்கொண்டு பதினொரு நிமிடம். எண்ணெய் தீர்ந்ததால்தான் நின்றது. இதற்கு முன் செய்த ஒன்று மூன்று வகையில் தவறாக வந்து, என் பட்டறை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு, தகரப் பெட்டி பழுதுபார்ப்பது எல்லாம் என் வேலை. அப்பா காலத்தில் ஸ்டவ் வரிசையில் நிற்கும். இப்போது பெட்டிதான் வருகிறது. டீச்சர் கொண்டுவந்ததும் ஒரு பெட்டிதான். அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்த பழைய டிரங்குப் பெட்டி. அடியை மாற்றி, கீலைச் சரிசெய்து, ஒரு வாரத்தில் தருவதாகப் பேச்சு.

அடித்தகட்டை எடுப்பதற்காக ரிவிட்டுகளை உளியால் வெட்டினேன். உள்ளே பரப்பியிருந்த செய்தித்தாளை உரித்தபோது, அதன் அடியிலிருந்து ஒரு வண்ணப் புகைப்படம் கழன்று வந்தது. மூன்றரைக்கு ஐந்து அங்குலம். படம் முழுவதும் செம்பழுப்பாக மங்கிக் கிடந்தது. பின்பக்கம் பென்சிலில் ‘மாமாங்கம் 1980’ என்று எழுதியிருந்தது. படத்தில் ஒரு முற்றம், சிமெண்டுத் தொட்டி. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தொட்டி ஓரத்தில் குந்தியிருக்கிறான். தண்ணீரில் எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு தகரப் படகு. வலது ஓரத்தில், படம் வெட்டுப்படும் இடத்தில், நான்கு விரல்களும் இரண்டு கண்ணாடி வளையல்களும் மட்டும் தெரிகின்றன. அந்தக் கையை அன்று நான் பொருட்படுத்தவில்லை. கண் படகின் மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் படகை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பார்கள். உள்ளே ஒரு சின்னத் தகரத் தொட்டில் விளக்கு, அதன் மேல் சப்பையான ஒரு கொதிகலன், அதிலிருந்து பின்பக்கம் இறங்கும் இரண்டு குழாய்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, திரியைக் கொளுத்தி விட்டால் தானாக ஓடும். நீராவி குழாயிலிருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும், குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும், மறுபடி தள்ளும். வெளியே போகும்போது தண்ணீர் நேராகப் பீய்ச்சுகிறது, உள்ளே வரும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அதனால் படகு முன்னேதான் போகும். எனக்குத் தெரிந்த தத்துவம் இவ்வளவுதான், வேலைக்கு இது போதும்.

டீச்சருக்கு இதைச் செய்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. முதல் தவறு அதுதான். ஒரு போன் செய்திருந்தால் எட்டு நாள் வேலை மிஞ்சியிருக்கும்.

படத்திலிருந்து நீளம் எடுக்க ஒரு அளவு தெரிந்த பொருள் வேண்டும். தொட்டியின் இந்தப் பக்க விளிம்பில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. விளக்கைக் கொளுத்திவிட்டு வைத்திருப்பார்கள். எதிர்க்கடைக் கடிகாரக்காரரிடம் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கியை வாங்கி, எஃகு அளவுகோலைப் படத்தின் மேல் வைத்து அளந்தேன். தீப்பெட்டி 9 மில்லிமீட்டர், படகு 19 மில்லிமீட்டர். என் கடையில் இருந்த தீப்பெட்டி 5 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் படகு பத்தரை சென்டிமீட்டர் வருகிறது. கொஞ்சம் சிறியதாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் அளந்து வந்த எண்ணின் மேல் எனக்கு ஒரு பக்தி உண்டு.

தகரத்துக்கு 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று. மளிகைக் கடையில் காலி டின் 40 ரூபாய். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினால் உள்பக்கம் பளபளவென்று வரும். இதில் ஏற்கெனவே வெள்ளீயப் பூச்சு இருப்பதால் பற்று உடனே பிடிக்கும். பத்தரை சென்டிமீட்டருக்கு ஒரு அட்டை வார்ப்பு வெட்டி, தகரத்தில் வரைந்து, கத்தரியால் வெட்டி, மரக்கட்டையின் மேல் கொட்டாப்புளியால் தட்டி மடித்தேன். உடல் ஒரு மாலையில் முடிந்தது.

கொதிகலனையும் அதே தகரத்தில் செய்தேன். மேல்மூடியையும் அதிலேயே வெட்டினேன். குழாய்க்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடமிருந்து 3/16 அங்குலச் செம்புக் குழாய், அரை மீட்டர் 90 ரூபாய். பற்றவைக்க, கடையில் எப்போதும் இருக்கும் காரீயம் கலந்த கம்பி. மூன்றாம் நாள் கடையின் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். விளக்கை ஏற்றி அரை நிமிடத்தில் நகர்ந்தது. ஆனால் ஊமையாக நகர்ந்தது. சத்தமே இல்லை. நகர்ந்தபடியே மூக்கு கீழே தாழ, வால் மேலே தூக்கியது. விளக்கின் எண்ணெய் முன்பக்கம் கனக்கிறது, உடல் சிறியது, அவ்வளவுதான் காரணம். வால் தூக்கியதும் குழாய் வாய்கள் தண்ணீருக்கு மேலே வந்தன. உறிஞ்ச வேண்டிய இடத்தில் காற்றை உறிஞ்சியது. படகு நின்றது. நான் போனில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது வற்றிய கொதிகலனின் மூலையில் பற்று வெள்ளிச் சொட்டாக உருகி விளக்கில் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கொதிகலன் நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும், பற்றுக்கு ஒன்றும் ஆகாது. வற்றினால் கதை வேறு. காரீயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். திரிச்சுடருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஓடாவிட்டாலும் பார்க்கவாவது ஒத்திருக்கட்டும் என்று வண்ணம் அடித்தேன். படத்தில் படகு செந்நிறம், விளிம்பில் வெளிர்ப் பட்டை. சிவப்பு எனாமல் 50 மில்லி 60 ரூபாய். பட்டைக்கு வெள்ளை, கடையில் இருந்தது. ஒரு நாள் காயவைத்தேன். உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். பெட்டியின் புதிய அடியைத் தட்டிப் பார்த்துத் திருப்தியானார். உள்ளே திறந்து, முதலில் புகைப்படத்தை எடுத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் படகைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“படத்தில் இருக்கும் படகு, டீச்சர். உங்கள் தம்பியுடையது.”

“எனக்குத் தம்பி கிடையாது. அவன் பக்கத்து வீட்டுச் சேகர்.” படத்தின் வலது ஓரத்தைச் சுட்டினார். “இது என் கை. படகும் என்னுடையது. மாமாங்கக் கடையில் அப்பா வாங்கித் தந்தது. மாமா கேமரா கொண்டுவந்திருந்தார், சேகர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டான். மறுநாளே கேட்காமல் எடுத்துப்போய் அரசலாற்றில் விட்டுவிட்டான். விளக்கு எரிந்தபடியே போய்விட்டது.”

அப்புறம் என் படகைக் கையில் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “என் படகு இவ்வளவு பொடியாக இருக்காது. நீலமாக இருந்தது.”

எனக்கு அந்த ‘நீலம்’ உள்ளே இறங்கவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய நிறத்தை ஒருவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்? படம் கையில் இருக்கிறது, சிவப்பு என்று கண்ணெதிரே சொல்கிறது. மறுத்துப் பேசாமல், படத்தை இரண்டு நாள் வைத்துக்கொள்ள அனுமதி மட்டும் கேட்டேன்.

தெருமுனை ஸ்டுடியோக்காரர் படத்தைப் பார்த்த உடனேயே சிரித்தார். “தொட்டித் தண்ணீரைப் பார்.” தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. சாயங்கால வானம் விழுந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். “பையனின் நிழலைப் பார்.” நிழல் அவன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. உச்சிவெயில். உச்சிவெயிலில் எந்த ஊர் வானம் ரோஜாவாக இருக்கும்?

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அந்தக் காலத்து வண்ணப் படங்களில் மூன்று சாயங்கள் அடுக்காக இருக்கும்: பசுநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள். வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் முதலில் மங்குவது பசுநீலம். அது போய்விட்டால் நீலப் பொருள் சிவந்து நிற்கும், பச்சை இலை பழுத்த இலைபோல் ஆகும். படத்தின் மூலையில் இருந்த வாழையிலை பழுப்பாக இருந்ததை நானும்தான் பார்த்திருந்தேன். வெயிலில் வாடிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டி வெளிச்சத்தில் வெளுத்த படம் வேறு விதமாக மங்கும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது என்றும் சொன்னார். படத்தை ஸ்கேன் செய்து, வாழையிலை பச்சையாகும்வரை நிறத்தைத் திருத்தினார். இலை பச்சையானபோது தண்ணீர் நீலமானது. படகும் நீலமானது. டீச்சர் சொன்ன நீலம். அதற்கு 50 ரூபாய்.

நிறம் போய் அடுத்தது அளவு. அந்த முற்றமும் தொட்டியும் இன்னும் அப்படியே இருக்கின்றன என்று டீச்சர் சொல்லியிருந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். படகு மிதந்த இடம் எதிர்ச்சுவரின் ஓரம். அந்த எதிர் விளிம்பு உட்புறம் சரியாக 90 சென்டிமீட்டர். புகைப்படத்தில் அதே விளிம்பு 107 மில்லிமீட்டர். அதாவது படத்தின் ஒரு மில்லிமீட்டர் அந்த இடத்தில் 8.4 மில்லிமீட்டர். படகின் 19 மில்லிமீட்டரை அதனால் பெருக்கினால் 16 சென்டிமீட்டர். தீப்பெட்டி கேமராவுக்குப் பக்கத்தில், இந்தப் பக்க விளிம்பில் கிடந்தது. பக்கத்தில் இருப்பது பெரியதாகத் தெரியும் என்று பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். பெரியதாகத் தெரிந்த தீப்பெட்டியை வைத்து அளந்ததால் படகு சிறுத்துவிட்டது. அளவுப் பொருளும் அளக்கும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பாமல் அந்த விளிம்புக்கு இணையாகவும் நிற்க வேண்டும். இந்தப் படத்தில் அதிர்ஷ்டவசமாக நின்றது.

இரண்டாவது படகின் உடல் 16 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 6 அகலம். அதே டின்னின் மறுபக்கத் தகரம் போதுமாக இருந்தது. பெரிய உடல் என்பதால் விளக்கை நடுவிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. மூக்கு தாழும் சிக்கல் அதோடு போயிற்று.

நேரம் தின்றது கொதிகலன்தான். டப டப என்ற சத்தம் அதன் மேல்மூடி உள்ளே போய் வெளியே வருவதால் எழுகிறது. எண்ணெய் டின் தகரம் கால் மில்லிமீட்டர் இருக்கும், நீராவிக்கு அது அசைந்து கொடுக்காது. அதனால்தான் முதல் படகு ஊமை. லேத் பட்டறைகளில் இடைவெளி நிரப்ப வைக்கும் பித்தளை ஷிம் தகடு கிடைக்கும். 0.05 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு 120 ரூபாய்க்கு வாங்கினேன். சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாளைவிடச் சற்றுத்தான் கனம். அலுமினியத் தகடு மெல்லியதாகக் கிடைக்கிறதே என்று யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம், அதில் சாதாரணப் பற்று ஒட்டாது.

கொதிகலன் கிண்ணம் 40க்கு 35 மில்லிமீட்டர், ஆழம் 5. முதலில் இரண்டு குழாய்களையும் கிண்ணத்தில் பற்றவைத்துவிட்டேன். குழாயை நேரடியாக வளைத்தால் முழங்கையில் நசுங்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, மெத்தென்று ஆனதும் சலித்த உலர்ந்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் காகிதத்தால் அடைத்து வளைத்தேன். மடிப்பு விழவில்லை. வளைத்தபின் மணல் ஒரு பொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது. ஊதி, தண்ணீர் விட்டு, மறுபடி ஊதினேன்.

இந்த முறை பற்றுக்கு வெள்ளீயம் மட்டும். பாத்திரத்துக்குப் பூசுகிற அதே வெள்ளீயம். உருக 232 டிகிரி வேண்டும், கிட்டத்தட்ட ஐம்பது டிகிரி வித்தியாசம் அசட்டையாக இருப்பவனுக்கு ஒரு காப்பு. அதைவிடப் பெரிய காரணம், இது குழந்தை கையில் எடுத்து வாயில் வைக்கும் சாமான். சோற்றுப் பானைக்குக் காரீயம் பூசாதவன் பொம்மைக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும்? முதல் தடவை கைப்பழக்கத்தில் செய்துவிட்டேன்.

ஷிம் மூடியைப் பற்றவைக்க ஊதுவிளக்கைக் காட்டியதில் முதல் துண்டு அப்பளம் மாதிரி நெளிந்தது. இரண்டாவதுக்கு ஊதுவிளக்கே வேண்டாமென்று சிறிய சால்டரிங் இரும்பை எடுத்தேன். கிண்ணத்தின் விளிம்பிலும் மூடியின் விளிம்பிலும் தனித்தனியாக வெள்ளீயம் பூசிக்கொண்டேன். துணி காயப்போடும் மரக்கிளிப்புகளால் மூடியைப் பிடித்து, இரும்பை விளிம்போடு மெல்ல இழுத்துப் போனேன். இரும்பு போன இடத்தில் ஈயம் மின்னி, மறுகணம் மங்கலாக உறையும். மங்கிய இடம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆறிய பிறகு மூடியின் நடுவில் கட்டைவிரலால் லேசாக அமுக்கினேன். ‘டிக்’ என்று உள்ளே போய், விட்டதும் ‘டிக்’ என்று வெளியே வந்தது. அந்த ‘டிக்’ கையில் கிடைக்காவிட்டால் தண்ணீரிலும் கிடைக்காது.

கசிவு பார்ப்பதற்கு ஒரு குழாயை விரலால் அடைத்து, மற்றதில் வாய் வைத்து ஊதி, கொதிகலனை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். ஒரு மூலையில் கடுகு கடுகாகக் குமிழி. காயவைத்து, அந்த மூலைக்கு மட்டும் மறுபடி இரும்பு. இரண்டாம் முறை குமிழி இல்லை. பற்றுக்குப் போட்ட திராவகத்தைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவினேன். இல்லையென்றால் பத்து நாளில் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

குழாய் வாய்களை வாலுக்கு வெளியே தண்ணீர் மட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி பொருத்தினேன். உடலுக்கு நீல எனாமல், விளிம்புக்கு வெள்ளை. விளக்குக்கு மேலே உள்ள கூரையில் வண்ணம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், முதல் ஓட்டத்திலேயே கரியேறிவிடும்.

நேற்று டீச்சர் வீட்டில் 5 மில்லி ஊசிக்குழலால் ஒரு குழாயில் தண்ணீர் ஏற்றினேன். மற்றதில் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை ஏற்ற வேண்டும். இரண்டு வாய்களையும் விரலால் பொத்தியபடி தொட்டியில் இறக்கி, தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை டீச்சரைக் கொளுத்தச் சொன்னேன். முதலில் ஒன்றும் இல்லை. எனக்கு வியர்த்தது. இருபது எண்ணுவதற்குள் ஒரு ‘டப்’. அப்புறம் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

டீச்சர் தொட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றி, படகு சுவரில் முட்டும்போதெல்லாம் ஒரு விரலால் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். புகைப்படத்தில் இருந்த அதே கைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளையல் மட்டும் இல்லை.

செலவு பற்றி டீச்சர் கேட்டபோது கணக்குச் சொன்னேன். தகரம், குழாய், ஷிம், வெள்ளீயம் சுமார் 50 ரூபாய்க்கு, நீல எனாமல் 60, ஸ்டுடியோ 50 எல்லாம் சேர்த்து 410. கூலி வேண்டாம் என்றேன். டீச்சர் ஐந்நூறாகக் கொடுத்து மீதி வாங்க மறுத்தார். இன்னொரு தடவை செய்வதானால் கொதிகலனை உடலோடு சேர்த்துப் பற்றவைக்க மாட்டேன். கழற்றி எடுக்கும்படி இரண்டு தகர நாக்குகளில் நிறுத்துவேன். இப்போது கசிவு வந்தால் வண்ணத்தைக் கருக்காமல் திறக்க வழியில்லை.

கிளம்பும்போது டீச்சர் அந்தச் சிவப்புப் படகைக் கேட்டார்.

“அது ஓடாது, டீச்சர். கொதிகலன் போய்விட்டது.”

“தெரியும். சேகர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். அவனுக்கு அது போதும்.”